பூட்டுப் பக்கம் மேலே முட்டுகிறது, கீழே 8 மிமீ விலகி நிற்கிறது: கோணல் கதவிலா, நிலையிலா?

புதுவீட்டுக்காரி

படுக்கையறைக்கு 35 மிமீ பிளஷ் கதவு மாட்டி நான்கு மாதம் ஆகிறது. அகலம் 80 செமீ, உயரம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மர நிலை. கதவு அறைக்குள் திறக்கும். மூடும்போது பூட்டுப் பக்கத்து மேல் மூலை முதலில் போய், நிலையில் கதவு உட்காரும் படியில் முட்டுகிறது. கீழ் மூலை படியைத் தொடவே இல்லை; அளந்தால் 8 மிமீ விலகல். கீழே கையால் அழுத்தினால் உட்காரும், விட்டால் திரும்ப வந்துவிடும். பூட்டின் நாக்கு துளைக்குள் போக, கதவைத் தோளால் தள்ளவேண்டியிருக்கிறது.

இன்னொன்று: பாதி திறந்து வைத்தால் தானாகவே மெதுவாக மூடிக்கொள்கிறது.

தச்சர் "பலகை முறுக்கிவிட்டது, கதவை மாற்றுங்கள்" என்கிறார். கதவு விற்றவர் வந்து பார்த்துவிட்டு "நிலை கோணல்" என்று சொல்லிப் போய்விட்டார். நிலையை வைத்த கொத்தனார், அன்றைக்கே மூலைவிட்டம் இரண்டும் அளந்து காட்டினார். இரண்டும் ஒரே அளவுதான், நானே டேப்பைப் பிடித்தேன். அப்படியானால் கதவுதானே குற்றவாளி? புதுக் கதவு வாங்குவதற்கு முன் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்கை

மூலைவிட்டம் சமம் என்றால் நிலை சரி, அதில் சந்தேகமே வேண்டாம். இருபது வருடமாக நிலை வைக்கிறேன், அதுதான் சோதனை. பிளஷ் கதவு முறுக்குவது சாதாரணம். நடுவில் மூன்றாவது கீல் போடச் சொல்லுங்கள், இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தானாக மூடுவதற்கு ஒரு கீலின் ஊசியைக் கழற்றி, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி லேசாக வளைத்துப் போட்டால் நின்றுவிடும். ஐந்து நிமிட வேலை.

நாலாம்மாடி

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். குளியலறைக் கதவு அடியில் தரையை உரசுகிறது, மழைக்காலம் வந்தால் திறக்கவே முடியாது. நிலையை மாற்றினால் சரியாகுமா?

பழைய உளி

நாலாம்மாடி, உங்களுடையது வேறு கதை. கதவின் அடி ஓரத்துக்கு யாரும் பூச்சு அடித்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுவார்கள். தண்ணீர் தொடுவது அங்கேதான். கழற்றி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, தேவையான அளவு இழைத்து, அடி ஓரத்துக்கு இரண்டு மூன்று கை நல்ல பூச்சு அடியுங்கள். காயாமல் இழைத்தால் வெயில் காலத்தில் இடைவெளி அசிங்கமாகத் தெரியும். நிலையைத் தொடவேண்டாம்.

இனி அம்மா கேட்டதற்கு. கதவு தானாக மூடுகிறது என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முறுக்கிய கதவு ஒழுங்காக உட்காராது, சரி. ஆனால் முறுக்கியதற்காக எந்தக் கதவும் தானாக நகராது. நகர்கிறதென்றால் கீல்களின் அச்சு செங்குத்தாக இல்லை. கீல் எங்கே இருக்கிறது? நிலைக்காலில். எனவே நிலையின் கீல் பக்கத்துக் கால் சாய்ந்திருக்கிறது என்பதை உங்கள் கதவே சொல்லிவிட்டது. எவ்வளவு என்பதுதான் பாக்கி.

கொத்தனார் அளந்த மூலைவிட்டம் பொய்யில்லை. நிலை இணைகரமாகச் சாயாமல் செவ்வகமாக இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஒரு கால் அறைப் பக்கமும் மறு கால் எதிர்ப் பக்கமும் சாய்ந்திருந்தால் அது டேப்பில் வராது. கட்டிலின் நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் ஆடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதைச் செங்குத்தாக நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கால் பின்னல் என்போம்.

சோதிக்க இரண்டு நூல் போதும். கதவைக் கழற்றவேண்டாம், அகலத் திறந்து வைத்தால் போதும். நிலையின் ஒரே முகத்தில், நான்கு மூலையிலும் சின்ன ஆணி அடித்து, மேல் இடமிருந்து கீழ் வலம் ஒரு நூல், மேல் வலமிருந்து கீழ் இடம் ஒரு நூல். இரண்டும் மரத்தின் முகத்தை ஒட்டி, விறைப்பாக இருக்கவேண்டும். நடுவில் இரண்டும் பட்டும் படாமலும் தொட்டால் நிலை ஒரே தளத்தில் இருக்கிறது. இடைவெளி இருந்தால் அளந்து எழுதுங்கள். ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நின்றால், முன்னால் போகும் நூலைப் பின்னால் மாற்றிக் கட்டிப் பாருங்கள், அப்போது இடைவெளி தெரியும்.

அதோடு கீல் பக்கக் காலுக்குத் தூக்குக்குண்டு விடுங்கள். மேலே காலின் முகத்திலிருந்து 50 மிமீ தள்ளி நூலைத் தொங்கவிட்டு, கீழே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த காலுக்கும் அதே. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். குண்டு ஒரு வாளித் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் சீக்கிரம் ஆட்டம் நிற்கும்.

கணக்கன்

உளி ஐயா சொன்னதற்கு ஒரு கணக்கு. நான்காவது மூலை 6 மிமீ தளத்தை விட்டு விலகினால், 2 மீட்டருக்கு மேற்பட்ட மூலைவிட்டத்தின் நீளத்தில் வரும் மாற்றம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எந்த டேப்பும் அதைக் காட்டாது.

நூல் சோதனையில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. நடுவில் தெரியும் இடைவெளி உண்மையான கோணலில் பாதிதான். நூலுக்கு நடுவே 3 மிமீ என்றால் கதவின் மூலையில் 6 மிமீ விலகலாக வரும். 3 மிமீ தானே என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சுண்ணாம்புக்கை

இதெல்லாம் சரிதான். நிலை வைக்கிற அன்றைக்கு இரண்டு நூல் கட்டிக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? ரசமட்டம் வைத்துத்தான் பார்ப்போம். என் மட்டத்தில் குமிழி நடுவில்தான் இருக்கும்.

பழைய உளி

தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். ரசமட்டத்தை ஒரு முறை வைத்துப் பாருங்கள், பிறகு முன்பின்னாகத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். இரண்டு தடவையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் மட்டம் யோக்கியம். கீழே விழுந்து எழுந்த மட்டங்கள் பல சித்தாளுக்குச் சித்தாள் கைமாறி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

அடுத்து, ஒரு அடி நீள மட்டம் வைத்தால் அந்த ஒரு அடியைத்தான் அது சொல்லும். 2 மீட்டர் கால் நடுவில் வயிறு தள்ளியிருந்தாலும், அந்த இடத்தில் மட்டம் நேராகக் காட்டிவிடும். நீளமான நேர்பலகையின் இரு முனையிலும் ஒரே கனத்தில் சிறு கட்டை ஒட்டி, அந்தப் பலகையைக் காலில் வைத்து, அதன் மேல் மட்டத்தை வைக்கவேண்டும். இதை இரண்டு முகத்திலும் செய்யவேண்டும். திறப்பைப் பார்த்த முகத்தில், அதாவது இடம் வலமாகச் சாய்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். சுவரின் கனத்துக்கு நேரே, அதாவது அறைக்கு உள்ளே வெளியே சாய்கிறதா என்று பார்ப்பதை மறந்துவிடுவார்கள். கால் பின்னல் வருவது அந்தத் திசையில்தான்.

நான் செய்வது இப்படி. கீல் பக்கக் காலை முதலில், இரண்டு திசையிலும் செங்குத்தாக்கி, சாய்வுக்கட்டை அடித்து நிறுத்திவிடுவேன். அது அசையக்கூடாது. பிறகு மேல்கட்டைக்கு மட்டம். மேலே இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள உள்ளளவை அப்படியே ஒரு சட்டத்தில் வெட்டி, கீழே தரையோரம் இரண்டு கால்களுக்கு நடுவே இறுக்குவேன். பாதி உயரத்தில் இன்னொன்று. அப்புறம்தான் இரண்டாவது காலை, நூல் பார்த்து முதல் காலோடு ஒரே தளத்துக்குக் கொண்டுவருவேன். கிளாம்புக்குக் கலவை போடுவது கடைசி. போட்டவுடன் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பார்ப்பேன், ஏனென்றால் கலவையைக் குத்தித் திணிக்கும்போது கால் நகரும். ஈரம் இருக்கும்போது திருத்துவது ஒரு நிமிடம். அடுத்த நாள் உடைத்துத்தான் திருத்தவேண்டும்.

பல இடங்களில் அன்று மாலையே கீழ்ச்சட்டத்தைத் தட்டி எடுத்துவிடுகிறார்கள், தள்ளுவண்டி போகவேண்டுமாம். வண்டி ஒரு இடி இடித்தால் போதும்.

புதுவீட்டுக்காரி

அந்தக் கீழ்ச்சட்டம்! எங்கள் நிலையிலும் இருந்தது, மறுநாளே காணோம். சாரத்துக்கு ஒரு கட்டை குறைகிறது என்று அதைத்தான் எடுத்துப் போனார்கள்.

சரி, என் தம்பியும் நானுமாக அளந்தோம். நூல்களுக்கு நடுவே 3 மிமீ, ஒரு மயிரிழை குறைவாக இருக்கலாம். தூக்குக்குண்டில் கீல் பக்கக் கால், மேல் முனை அறையை விட்டு வெளியே 3 மிமீ சாய்ந்திருக்கிறது. பூட்டுப் பக்கக் காலின் மேல் முனை அறைக்குள் 3 மிமீ.

கணக்கன்

அருமை, நூலும் குண்டும் ஒரே விடையைச் சொல்கின்றன. கீல் பக்கம் மேல் முனை வெளியே போனதால் கதவின் மேல் பகுதியும் அந்தப் பக்கம் போகிறது. எதிர்க்காலின் மேல் முனை உள்ளே வந்து அதை எதிர்கொள்கிறது. அதனால் மேலே முட்டல், கீழே 3-ம் 3-ம் சேர்ந்து 6 மிமீ விலகல். கீல் அச்சு அறைக்கு வெளியே சாய்ந்தால் கதவு அந்தப் பக்கம்தான் விழப் பார்க்கும், அதாவது மூடிக்கொள்ளும். அதுவும் பொருந்துகிறது.

ஆனால் நீங்கள் சொன்னது 8. மீதி 2 மிமீ கதவினுடையதாகத்தான் இருக்கவேண்டும். ஆக தச்சர் சொன்னதில் கால் பங்கு உண்மை.

பழைய உளி

கால் பங்குக்கு முழுக் கதவை மாற்றச் சொல்வது நியாயமில்லை. ஒரு கதவில் 6 மிமீ வரை கோணலைப் பொதுவாகக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, 2 என்பது ஒன்றுமே இல்லை. அடுத்து கதவைக் கழற்றும்போது அதையும் நூல் கட்டிப் பார்த்துவிடுங்கள். நீள ஓரத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் ஒரே கனத்தில் சிறு கட்டை வைத்து, அதே இரண்டு நூல். படுக்கப்போட்டு அளந்தால் கதவின் சொந்த எடையே அதை வளைத்துக் காட்டும்.

நிலையை உடைக்காமல் தீர்க்க வழி இருக்கிறது. மேல் கீலை நிலையில் 3 மிமீ அறைப் பக்கமாக நகர்த்துங்கள். அதாவது கதவின் மேல் கீல் மூலை படியிலிருந்து 3 மிமீ விலகும், எதிர் மூலையான கீழ்ப் பூட்டுப் பக்கம் 3 மிமீ உள்ளே வரும். 8 என்பது 5 ஆகும். உங்கள் கால் வெளியே 3 சாய்ந்திருப்பதால், இப்படி நகர்த்தும்போது கீல் அச்சு செங்குத்தாகவும் ஆகிவிடும். தானாக மூடுவதும் நின்றுபோகும். நேரான காலில் யாராவது இதைச் செய்தால் அச்சு சாய்ந்து கதவு தானாகத் திறக்க ஆரம்பிக்கும், எனவே எல்லாருக்கும் பொருந்தும் வைத்தியம் இல்லை இது.

பாக்கிக்கு, பூட்டுப் பக்கக் காலின் படியை மேலே 2 முதல் 3 மிமீ வரை இழைத்து, கீழே வரும்போது ஒன்றுமில்லாமல் முடியுங்கள். கூரான இழைப்புளி போதும், மூலையில் உளி. அதோடு விலகல் 2, 3 மிமீக்கு வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. பூட்டின் நாக்குத் தகட்டையும் அதற்கேற்ப நகர்த்தவேண்டும்.

பழைய ஆணித்துளைகளில் பசை தடவிய மரக்குச்சி அடைத்து, காய்ந்தபிறகு புதிதாகத் துளையிடுங்கள். 3 மிமீ நகர்த்தும்போது பழைய துளை திருகை மறுபடி தன் பக்கம் இழுக்கும்.

சுண்ணாம்புக்கை

அப்போ மூன்றாவது கீல் வேண்டாமா?

பழைய உளி

வேண்டும் என்றால் போடலாம், ஆனால் அது செய்யும் வேலை வேறு. நடுக்கீல், கீல் பக்கத்து ஓரம் வயிறு தள்ளாமல் பிடிக்கும். இங்கே பிரச்சினை இருப்பது எதிர் ஓரத்து மூலையில். 80 செமீ தள்ளி இருக்கிற மூலையை ஒரு கீல் எப்படி இழுக்கும்? ஊசியை வளைப்பது கதவை இறுக்கி நிறுத்தும், அச்சு சாய்ந்தபடியேதான் இருக்கும். அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன், மறைக்கமாட்டேன்.

கணக்கன்

இடைவெளியையும் இந்த வேலையோடு பார்த்துக்கொள்ளுங்கள். மேலேயும் இரு பக்கமும் 3 மிமீ, தரை முடிந்த பிறகு அடியில் 6 முதல் 10. ஒரே கனத்தில் 3 மிமீ துண்டுகள் நாலைந்து வெட்டிவைத்து, சுற்றிலும் செருகி, பிறகு கீல் குறித்தால் கண் ஏமாறாது.

பூட்டு ஓரத்தைச் சரிவாக இழைக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு தேவை என்று பாருங்கள்: கதவு திரும்பும்போது அதன் படிப் பக்கத்து விளிம்பு கொஞ்சம் வெளியே தள்ளும். கீல் ஊசி வரை சேர்த்து 40 மிமீ, அகலம் 800 என்றால் 40-ஐ 40-ஆல் பெருக்கி 1600-ஆல் வகுங்கள், 1 மிமீ. 3 மிமீ இடைவெளி இருந்தால் சரிவே இல்லாமலும் தப்பிக்கும். 40 செமீ குறுகல் கதவில் அதே 2 மிமீ ஆகும், பூச்சும் ஏறினால் உரசும். அங்கே சரிவு கட்டாயம்.

பழைய உளி

தாளில் சரி. கையில் பூச்சு இரண்டு தடவை ஏறும், மழையில் ஒரு மிமீ ஊதும். நான் எல்லாக் கதவுக்கும் 2 மிமீ சரிவு விடுவேன்.

புதுவீட்டுக்காரி

வேலை முடிந்தது. கதவைக் கழற்றி நூல் கட்டினோம், நடுவே 1 மிமீ. கணக்கன் சொன்ன 2 அப்படியே. கீலை நகர்த்தியதும் கதவு விட்ட இடத்தில் நின்றது. படியை இழைத்த பிறகு கீழ் விலகல் 2.5. ஒரு விரலால் மூடுகிறது. படியில் இழைத்த இடத்துக்குப் பூச்சு அடிக்கவேண்டும், அது மட்டும் பாக்கி.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. அறைப் பக்கம் மைக்கா ஒட்டியிருக்கிறார்கள். வெளிப் பக்கம் பிரைமர் மட்டும்தான், மேல் ஓரமும் அடி ஓரமும் வெறும் மரம். பூட்டு ஓரத்தில் நூல் பிடித்தால் வெளிப் பக்கம் லேசாகக் குழிந்திருக்கிறது. இந்த 2 மிமீ இனிக் கூடுமா?

பழைய உளி

ஆ, அதுதான் காரணம். ஒரு பக்கத்தை மூடிவிட்டார்கள். காற்று வறண்டால் திறந்த பக்கம் மட்டும் ஈரத்தை விட்டுச் சுருங்கும், சுருங்கும் பக்கம் குழியும். மழையில் அது எதிர்த்திசையில் வரும். நான்கு மாதமும் வறண்ட காலம்தான் என்றால் குழி வெளிப் பக்கம் இருப்பது பொருத்தமே. மழைக்காலத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள், குறைந்தால் சந்தேகமில்லை.

நான்கு ஓரத்தையும் இரண்டு முகத்தையும் ஒரே மாதிரி மூடுவதுதான் கதவைக் காப்பாற்றும். மேல், அடி ஓரத்துக்கு இரண்டு கை, வெளி முகத்துக்கு எனாமல் முழுசாக. ஈரம் போகும் வேகம் இரண்டு பக்கமும் நெருங்கி வரவேண்டும்.

மரப்பொடி

குறுக்கிடுகிறேன். வெளிப் பக்கமும் அதே கனத்தில் மைக்கா ஒட்டுவதே சரியான தீர்வு. எனாமல் பூச்சு மைக்கா அளவுக்கு ஈரத்தைத் தடுக்காது. ஒரு பக்கம் மைக்கா, ஒரு பக்கம் பெயிண்ட் என்பது எப்போதும் சமமாகாது. எங்கள் பட்டறையில் ஒரு பக்கம் மட்டும் கேட்டு வருபவர்களுக்கு, மறு பக்கம் மலிவான மெல்லிய தாளாவது ஒட்டாமல் கொடுப்பதில்லை.

பழைய உளி

புதுக் கதவுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே பசையில், சமதளத்தில் படுக்கவைத்து எடை ஏற்றி. ஆனால் இது ஏற்கனவே வளைந்த கதவு. இப்போது ஒட்டினால் 2 மிமீ வளைவோடு பூட்டிவிடுவீர்கள். பசையின் ஈரமும் ஒரு பக்கம் மட்டும் ஏறும்.

மரப்பொடி

மழைக்காலத்தில், அது தானாக நேரான நாளில் ஒட்டலாமே? நேராகும் நாளைப் பிடிப்பதுதான் வேலை.

பழைய உளி

அந்த நாளில் பலகைக்குள் ஈரம் நிறைந்திருக்கும். அதை உள்ளே வைத்து இரண்டு பக்கமும் மூடவா? எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் செய்து பார்த்ததுண்டா?

மரப்பொடி

இரண்டு கதவு செய்தேன். ஒன்று நின்றது. மற்றது அடுத்த கோடையில் நடுவே உப்பிக்கொண்டது, அது பசையின் குறையாகவும் இருக்கலாம்.

நாலாம்மாடி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். உளி ஐயா சொன்னபடி அடி ஓரத்தைப் பார்த்தேன், பூச்சே இல்லை, விரல் வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. இதைக் காயவைத்தாலும் பயன்படுமா?

பழைய உளி

விரலுக்கு அமுங்கினால் ஒட்டு விட்டுவிட்டது. உளி முனையால் குத்திப் பாருங்கள், கட்டியான மரம் எத்தனை உயரத்தில் வருகிறது என்று. 2, 3 செமீக்குள் என்றால் அவ்வளவையும் வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் கடின மரக்கட்டை ஒன்றை நீர் தாங்கும் பசையோடு ஒட்டித் திருகி, சுற்றிலும் பூச்சு அடிக்கலாம். அதற்கும் மேலே ஏறியிருந்தால் புதுக் கதவுதான். குத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

புதுவீட்டுக்காரி

நான் இப்போதைக்கு மேல், அடி ஓரத்துக்கும் வெளி முகத்துக்கும் எனாமல் அடித்துவிட்டேன். பூட்டு ஓரத்தில் 2 மிமீ என்று பென்சிலால் தேதி போட்டுக் குறித்திருக்கிறேன். மழை தொடங்கி ஒரு மாதம் ஆனதும் அதே இடத்தில் நூல் பிடித்து எழுதுகிறேன். மரப்பொடி, உங்கள் வழியைச் செய்வதா என்று அப்போது பார்க்கலாம்.